"வருடம் பத்து வீதம்": கடை வாடகையைப் புதுப்பிக்கும் உறுதியில் அந்த ஒரு வரி

நற்பிட்டிமுனையிலும் கல்முனை பஸாரிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் வாடகைக் கடையில்தான் வியாபாரம் செய்கிறார்கள். ஐந்து வருடத் தவணை முடிந்ததும் உறுதியைப் புதுப்பிக்கும் பேச்சு வரும். முன்பெல்லாம் சொந்தக்காரர் ஒரு தொகையைச் சொல்வார், நாம் ஒரு தொகையைச் சொல்வோம், நடுவில் ஒன்றைப் பேசி முடிப்போம். இப்போது அந்தத் தொகையோடு "வருடாவருடம் பத்து வீதம் கூட்டித் தரவேண்டும்" என்ற ஒரு வரியும் சேர்ந்து வருகிறது. தொகைக்காக இரண்டு மணித்தியாலம் பேரம் பேசுகிறவர்கள் இந்த வரியை "சரி, போடுங்கள்" என்று ஒரு நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடக் கணக்கைப் பார்த்தால், தொகையில் பேசிக் குறைத்ததைவிட அதிகமான காசு இந்த வரிக்குள்ளே போய்விடலாம்.

இந்த வரி அநியாயமானதல்ல. சாமான் விலை, கூலி, மாநகர சபை வரி எல்லாம் ஏறும்போது கடை வாடகை மட்டும் ஐந்து வருடம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. வாடகைக்காரருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. அடுத்த வருடம் எவ்வளவு ஏறும் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும், இடையில் வந்து இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. ஆனால் அந்த நன்மை கிடைக்க வேண்டுமானால் வரி தெளிவாக இருக்க வேண்டும். எதன் மீது பத்து வீதம், எந்தத் தேதியிலிருந்து, தவணை முடிந்த பின் என்ன என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கடை

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பழைய உறுதியின் கடைசி வருடத்தில் மாத வாடகை 36,000 ரூபா. 2026 செப்டம்பர் 1ஆம் திகதி முதல் 2031 ஆகஸ்ட் 31ஆம் திகதி வரை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கிறார்கள். புதிய வாடகை 40,000 ரூபா, வருடாவருடம் 10 வீத உயர்வு என்று பேச்சு.

முதலாவது கேள்வி, எதன் மீது பத்து வீதம்? "ஆரம்ப வாடகையில்" 10 வீதம் என்று எழுதினால் ஒவ்வொரு வருடமும் 4,000 ரூபா மட்டுமே கூடும். ஐந்து வருடத்துக்கும் மாத வாடகை இப்படி வரும்:

முதலாம் வருடம் 40,000
இரண்டாம் வருடம் 44,000
மூன்றாம் வருடம் 48,000
நான்காம் வருடம் 52,000
ஐந்தாம் வருடம் 56,000

"முந்தைய வருட வாடகையில்" 10 வீதம் என்று எழுதினால், கூடிய தொகைக்கும் சேர்த்துக் கூடும்:

முதலாம் வருடம் 40,000
இரண்டாம் வருடம் 44,000
மூன்றாம் வருடம் 48,400
நான்காம் வருடம் 53,240
ஐந்தாம் வருடம் 58,564

முதல் முறையில் ஐந்து வருடத்துக்கும் கட்டும் மொத்த வாடகை 2,880,000 ரூபா. இரண்டாம் முறையில் 2,930,448 ரூபா. வித்தியாசம் 50,448 ரூபா. இரண்டு முறையும் வழக்கத்தில் உள்ளவைதான். "வருடாவருடம் 10 வீதம்" என்று மட்டும் எழுதிவிட்டால் சொந்தக்காரர் ஒன்றையும் வாடகைக்காரர் மற்றதையும் மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுவார்கள். இரண்டாம் வருடத்தில் இரண்டு கணக்கும் 44,000 என்றே வருவதால் யாருக்கும் பிசகு தெரியாது. மூன்றாம் வருடத்தில்தான் 400 ரூபாவுக்காக மனஸ்தாபம் ஆரம்பிக்கும்.

பெரிய காசு திகதியில் இருக்கிறது

கூட்டு முறையா, தனி முறையா என்று வாதிடுகிறவர்கள்கூட இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. முதல் உயர்வு எந்தத் திகதியில்? நமது உதாரணத்தில் 36,000 ரூபா 40,000 ஆனதே 11 வீத உயர்வு. அதற்குப் பிறகு 12 மாதம் கழித்துத்தான் அடுத்த 10 வீதம் என்று வாடகைக்காரர் நினைக்கிறார். சொந்தக்காரரோ, "40,000 என்பது பேசிய வாடகை, புதுப்பித்த வருடத்துக்குரிய பத்து வீதமும் சேர வேண்டும்" என்று முதல் மாதமே 44,000 கேட்கலாம். அப்படியானால் ஒரே நாளில் 36,000 ரூபா 44,000 ஆகிறது. உயர்வு 22 வீதம்.

ஐந்து வருடத்துக்கும் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் மாதமே உயர்வு வந்தால் மாத வாடகை 44,000, 48,400, 53,240, 58,564, கடைசி வருடம் 64,420 ரூபா 40 சதம். மொத்தம் 3,223,492 ரூபா 80 சதம். ஒரு வருடம் கழித்து உயர்வு வரும் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 293,044 ரூபா 80 சதம். தனி முறைக்கும் கூட்டு முறைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் போல இது கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

இதற்கு நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. சில உறுதிகளில் "ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதம் முதல்" என்று எழுதப்படும். வாசிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் தவணை செப்டம்பரில் ஆரம்பிப்பதால் நான்கு மாதத்தில் முதல் உயர்வு வந்துவிடும், கடைசி எட்டு மாதங்களுக்கு ஆறாம் வருட வாடகையான 64,420 ரூபா 40 சதத்தைக் கட்ட நேரிடும். மொத்தம் 3,125,811 ரூபா 20 சதம். செப்டம்பரில் உயர்த்துவதை விட 195,363 ரூபா 20 சதம் அதிகம். எனவே "வருடம்" என்ற சொல்லை அப்படியே விடாமல், முதல் உயர்வு 2027 செப்டம்பர் 1ஆம் திகதி என்று திகதியைப் போட்டு எழுத வேண்டும்.

முற்பணம் கழியும் கடைகளில்

நமது பகுதியில் முற்பணம் கொடுத்து அதில் ஒரு பகுதியை மாத வாடகையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நமது உதாரணக் கடைக்கு 600,000 ரூபா முற்பணம் என்று வைப்போம். மாதம் 5,000 வீதம் 60 மாதத்தில் 300,000 கழியும், மீதி 300,000 ரூபாவை கடையை ஒப்படைக்கும்போது திருப்பித் தர வேண்டும். முதல் வருடம் கையில் கொடுப்பது 35,000 ரூபா.

இரண்டாம் வருடம் பத்து வீதம் எதற்கு? வாடகை 40,000. எனவே புதிய வாடகை 44,000, கழிவு 5,000 போகக் கையில் கொடுக்க வேண்டியது 39,000. ஆனால் மாதாமாதம் 35,000 கொடுத்துப் பழகியவர் அதில் 10 வீதம் கூட்டி 38,500 கொடுப்பார். மாதம் 500 ரூபா குறைவு. ஐந்தாம் வருடத்தில் இந்தக் குறைவு மாதத்துக்கு 2,320 ரூபா 50 சதமாக வளர்ந்திருக்கும். இது வாடகைக்காரர் வேண்டுமென்று செய்யும் மோசடி அல்ல, பற்றுச்சீட்டில் 35,000 என்று மட்டும் எழுதியதன் விளைவு. பற்றுச்சீட்டில் "வாடகை 40,000, முற்பணத்தில் கழிவு 5,000, கையில் பெற்றது 35,000, முற்பண மீதி இவ்வளவு" என்று நான்கையும் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பழைய உறுதியில் கிடந்த முற்பணமும் புதிய உறுதிக்குள் தொகையோடு குறிப்பிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் பழைய உறுதி முடிந்தபோது அது திருப்பிக் கொடுபட்டதா, இல்லையா என்ற வழக்கு பின்னால் வரும்.

விலைவாசியோடு கட்டினால்?

2022க்குப் பிறகு சில சொந்தக்காரர்கள் "பத்து வீதம் போதாது, விலைவாசி ஏறும் அளவுக்கு வாடகையும் ஏறட்டும்" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அடுத்த வருடம் அதே மாதத்தில் அது 1.3 வீதமாக இறங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, அதாவது சராசரி விலைகள் முந்தைய வருடத்தை விட 0.5 வீதம் குறைந்திருந்தன.

2021 செப்டம்பரில் 40,000 ரூபாவுக்கு எடுத்த கடையை முழுக்கச் சுட்டெண்ணோடு கட்டியிருந்தால், 2022 செப்டம்பரில் வாடகை 67,920 ரூபா ஆகியிருக்கும். எரிபொருளுக்கு வரிசையில் நின்று, சாமான் வராமல், கடையைப் பாதி நாள் மூடி வைத்திருந்த அந்த வருடத்தில் எந்த வியாபாரியால் இதைக் கட்ட முடியும்? மறுபக்கம், 10 வீதம் என்று நிலையாக எழுதியிருந்தால் 2024 செப்டம்பரில் வாடகை 53,240 ரூபா. சுட்டெண் கணக்கில் அது ஏறத்தாழ 68,459 ரூபாவாக இருந்திருக்கும். இங்கே சொந்தக்காரருக்கு நட்டம்.

இரண்டு பேரையும் காக்கும் வழி, சுட்டெண்ணை எடுத்துக்கொண்டு கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை வைப்பது. உதாரணத்துக்கு, 5 வீதத்துக்குக் குறையாமலும் 12 வீதத்துக்குக் கூடாமலும் என்று எழுதினால் அதே மூன்று வருடத்தில் வாடகை 44,800, பிறகு 47,040, பிறகு 49,392 என்று நடக்கும். எல்லை எத்தனை வீதம் என்பது இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது. எல்லையே இல்லாத சுட்டெண் வரியில் மட்டும் கையெழுத்திடக் கூடாது. சுட்டெண் வேண்டாம் என்றால் நிலையான வீதமே சிறிய கடைகளுக்கு எளிது.

மார்க்கம் என்ன கேட்கிறது

வாடகை என்பது இஜாரா. அதில் கூலியான உஜ்ரா அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது பிக்ஹு நூல்களின் பொதுவான நிபந்தனை. வருடா வருடம் கூடும் வாடகை அறியப்பட்டதா? ஒவ்வொரு வருடத் தொகையையும் இன்றைக்கே எழுதிவிட்டால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்காக வெளியிட்ட 9ஆவது ஷரீஆ தரநிலை இஜாராவைப் பற்றியது. மாறும் வாடகைக்கு அது இடம் தருகிறது. ஆனால் முதல் காலப் பகுதியின் வாடகை தொகையாகக் குறிப்பிடப்பட வேண்டும், பின்னுள்ள காலங்களுக்குத் தகராறுக்கு இடமில்லாத தெளிவான அளவுகோல் வேண்டும், அதற்கு மேலெல்லையும் கீழெல்லையும் வேண்டும் என்று சொல்கிறது. மேலே கணக்கிலிருந்து நாம் வந்து சேர்ந்த இடமும் இதுதான். "அப்போதைய நிலைமைக்கேற்பக் கூட்டப்படும்" என்ற வரிதான் பிரச்சினை. அதில் தொகையும் இல்லை, அளவுகோலும் இல்லை.

இன்னொன்றையும் பிரித்து அறிய வேண்டும். வரவிருக்கும் வருடத்துக்கான வாடகையைக் கூட்டுவது வேறு, கட்டத் தவறிய வாடகை பாக்கிக்கு மாதம் இத்தனை வீதம் என்று கூட்டுவது வேறு. பாக்கி என்பது கடன். கடன் மீது காலத்துக்காக ஏறும் தொகை ரிபா. சில உறுதிகளில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். முதலாவதை வைத்து இரண்டாவதை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் கடைகளில் நிருவாகத்தினருக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. வக்பு சொத்தைச் சந்தையில் அத்தகைய கடைக்குரிய வாடகையை விட மிகக் குறைத்து விடுவதற்கு நிருவாகிக்கு உரிமை இல்லை. தன் சொந்தக் கடையில் அவர் விட்டுக்கொடுக்கலாம், வக்பின் காசை விட்டுக்கொடுக்க முடியாது. நிருவாகிகள் மாறிக்கொண்டே இருப்பதால், உயர்வு உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் வாடகை பழைய தொகையில் தேங்காது, புதிதாக வருபவர் வாடகைக்காரரோடு முரண்படவும் தேவையில்லை.

உறுதியும் பற்றுச்சீட்டும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட ஐந்து வருட ஒப்பந்தம் சட்டத்தின் முன் ஐந்து வருடக் குத்தகையாக நிற்காது. அப்படியானால் அதிலுள்ள பத்து வீத வரியை நம்பி இருவருமே இருக்க முடியாது. சொந்தக்காரர் இடையில் அதிகம் கேட்டாலும் உங்களிடம் கவசம் இல்லை. எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வதும் அவசியம். கடை இன்னொருவருக்கு விற்கப்பட்டால் அந்தப் பதிவுதான் உங்கள் தவணையைக் காக்கும்.

உறுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டால், உயர்வு பற்றிய பகுதியைத் தமிழில் சொல்லும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஐந்து வருடத் தொகைகளையும் அங்கேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருவருடைய தாளிலும் ஒரே தொகைகள் வந்தால் வரி சரி. வராவிட்டால் கையெழுத்துக்கு முன்னரே பிசகு பிடிபட்டுவிட்டது. அதைவிட நல்லது, அந்தத் தொகைகளையே உறுதியில் எழுதச் செய்வது. வரி இப்படி அமையலாம்:

"2026 செப்டம்பர் 1 முதல் 2027 ஆகஸ்ட் 31 வரை மாத வாடகை 40,000 ரூபா. 2027 செப்டம்பர் 1ஆம் திகதியிலும் அதன் பின் தவணை முடியும் வரை ஒவ்வொரு செப்டம்பர் 1ஆம் திகதியிலும், அதற்கு முந்திய மாதத்துக்குரிய முழு மாத வாடகையில் 10 வீதம் கூட்டப்படும். அதன்படி மாத வாடகை முறையே 44,000, 48,400, 53,240, 58,564 ரூபா ஆகும். முற்பணக் கழிவு இந்த உயர்வைப் பாதிக்காது. இத்தவணையைப் புதுப்பித்தால், புதிய தவணையின் முதல் வருட வாடகை ஐந்தாம் வருட வாடகையை விட 10 வீதத்துக்கு மேற்படாது."

கடைசி வாக்கியம்தான் நமது மூன்றாவது கேள்விக்குப் பதில். "இருவரும் பேசி இணங்கும் வாடகைக்குப் புதுப்பிக்கலாம்" என்று மட்டும் எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது, இணங்காவிட்டால் கடையை விட்டுப் போக வேண்டியதுதான். புதுப்பிக்காமலே இருந்துகொண்டு வாடகையைக் கொடுத்து வருபவர் பெரும்பாலும் மாத வாடகைக்காரராகிவிடுவார். ஐந்து வருடப் பாதுகாப்பு அவருக்கு இருக்காது. அதனால் தவணை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்க வேண்டும்.

உறுதி சரியாக இருந்தும் கெட்டுப்போகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. வியாபாரம் மந்தமான வருடத்தில் சொந்தக்காரர் "பரவாயில்லை தம்பி, பழைய வாடகையையே தாருங்கள்" என்று வாயால் சொல்லிவிடுவார். நமது உதாரணத்தில் இரண்டாம், மூன்றாம் வருடங்களில் 40,000 மட்டுமே வாங்கினார் என்று வையுங்கள். பிறகு அவர் மௌத்தானால், பிள்ளைகள் உறுதியை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் வருடம் 48,000, மூன்றாம் வருடம் 100,800, ஆக மொத்தம் 148,800 ரூபா பாக்கி என்று அதில் தெரியும். அவர்கள் கேட்பது அநியாயம் என்று சொல்ல முடியாது, வாப்பா விட்டுக்கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. உங்களிடமும் சாட்சி இல்லை. விட்டுக்கொடுத்த மாதத்துப் பற்றுச்சீட்டிலேயே "இவ்வருட உயர்வு வேண்டாமென விடப்பட்டது, பாக்கி இல்லை" என்று எழுதி ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருட உயர்வு எந்தத் தொகையிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். 40,000 ரூபாவிலிருந்தா, விட்டுக்கொடுக்காதிருந்தால் வந்திருக்கும் 48,400 ரூபாவிலிருந்தா என்பது அடுத்த சண்டையாகிவிடக் கூடாது.

கையெழுத்திடுமுன் ஒரு கடைசிக் கணக்கு. பத்து வீதம் கூடும் வாடகையை உங்கள் வியாபாரம் தாங்குமா? உதாரணக் கடையில் மாத விற்பனை 1,200,000 ரூபா, சாமான் விலை போக நிற்பது 12 வீதம், அதாவது 144,000 என்று வைப்போம். வாடகை போக 104,000 மிஞ்சும். விலைவாசியோடு சேர்ந்து விற்பனை வருடம் 6 வீதம் வளர்ந்தால் ஐந்தாம் வருடம் நிற்பது ஏறத்தாழ 181,800, வாடகை 58,564, மிஞ்சுவது 123,200 அளவில். தொகை கூடியது போலத் தெரியும். ஆனால் அதே 6 வீத விலைவாசிக்கு 104,000 ரூபாவின் பெறுமதி அப்போது 131,300 ரூபா ஆகியிருக்கும். ஆக, மாதம் 8,000 ரூபா அளவில் பின்னால் நிற்கிறீர்கள். உங்கள் கடையின் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்தால், பத்து வீதத்துக்கு இணங்குவதா, எட்டைக் கேட்பதா, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பத்து என்று பேசுவதா என்பது உங்களுக்கே தெரியும். நமது உதாரணத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றால் ஐந்து வருட மொத்தம் 2,596,800 ரூபா.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. சொந்தக்காரரும் வாடகைக்காரரும் ஒரே ஜமாஅத்தில் தோளோடு தோள் நிற்பவர்கள். இருவருக்கும் ஒரே அர்த்தம் தரும் வரியை எழுதிக்கொண்டால் அந்த உறவும் நிற்கும், ஒருவர் ஹக்கு மற்றவரிடம் தங்கவும் மாட்டாது. அல்லாஹ் நமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.